மூன்று இலைகளும் மூன்று நோய்களும்

சென்ற கார்த்திகை மாதத்தில் செட்டிகுளம் பக்கத்து ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்து, மூன்று இலைகளை மேசைமீது வைத்தார். முதலாவது அவர் வயலின் சின்ன வெங்காயத் தாள். இரண்டாவது பருத்தி இலை. மூன்றாவது, திருமானூரிலுள்ள அவருடைய மைத்துனரின் புரட்டாசிப் பட்டத்து உளுந்து இலை. மூன்று பயிருக்கும் கடையில் தந்த செம்பு கலந்த நீலப்பச்சைத் தூளையே கரைத்துத் தெளித்தார்களாம். வெங்காயத்தில் ஓரளவு பலன் தெரிந்தது; பருத்தியில் அதைவிடக் குறைவு; உளுந்தில் சிறிதும் இல்லை. "மருந்து போலியா, ஐயா?" என்று கேட்டார்.

மருந்து போலியன்று. நோய்களே வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை.

உளுந்து இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன. இது மஞ்சள் தேமல் நோய்; இதன் காரணம் வைரஸ். சாதாரண உருப்பெருக்கியிலும் காண முடியாத அளவு சிறிய இப்பொருள் தானாக உண்பதில்லை, தானாகப் பெருகுவதுமில்லை. உயிருள்ள செடியின் அணுவறைக்குள் புகுந்து, அந்த அறையைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே இலைமேல் தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. சாதாரணச் சளிக்குப் பாக்டீரியாக் கொல்லி மருந்தைத் தர வேண்டாமென்று மருத்துவர் சொல்வதும் ஏறக்குறைய இக்காரணத்தாலேதான். தேமல் வைரஸைச் செடிவிட்டுச் செடி கொண்டுசெல்வது வெள்ளை ஈ. நோயுற்ற செடியின் சாற்றை ஒருமுறை உறிஞ்சிய ஈ, தன் வாழ்நாளில் பெரும்பகுதி அதைச் சுமந்து திரியும். தேமல் கண்ட செடி தேறுவதில்லை. முதல் சில செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்பதும், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் பொறிகள் வைத்து ஈயைக் குறைப்பதும், அடுத்த பட்டத்தில் வம்பன் 8 போன்ற, நோயைத் தாங்கும் இரகத்தை விதைப்பதுமே வழி.

பருத்தி இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தோம். அடிப்புறத்தில் நீர் ஊறியது போன்ற புள்ளிகள் தெரிந்தன. அவை வட்டமாக இல்லை. நரம்புகள் தடுத்த இடத்தில் நின்று, கோணல் மாணலாக இருந்தன. இது பாக்டீரியா தரும் கருகல் நோய். பாக்டீரியா ஓரணு உயிர். இரண்டாகப் பிளந்து பெருகும். இலையின் தோலைத் துளைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இலைத்துளை, காயம் போன்ற திறந்த வாயில் வேண்டும். விதைமேல் உள்ள பஞ்சில் ஒட்டி வரும். பின்னர் மழைத்துளி தெறித்துப் பரவும். இலை ஈரமாயிருக்கையில் களையெடுக்கப் போனால் நம் வேட்டியும் கையும் அதைச் சுமந்துசெல்லும். வெளியே உள்ள கிருமியைச் செம்பு மருந்து ஓரளவு அடக்கும். உள்ளே புகுந்ததை அடக்காது. பஞ்சு நீக்கிய விதையே முதற்காப்பு. வீட்டு விதையாயின், கந்தக அமிலத்தால் பஞ்சு நீக்கும் வேலையை அதில் பழகியவரிடமே விட வேண்டும். வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாரை இதுபற்றிக் கேட்கலாம்.

வெங்காயமே உறுப்பினரின் பெருங்கவலை. முதல் போட்டதும் அதில்தான். தாள்கள் சுருண்டு திருகியிருந்தன. வெளிறிய குழிப்புண்களில் நுண்ணிய கரும்புள்ளிகள் வளையம் வளையமாக இருந்தன. அக்கரும்புள்ளிகளே பூசணத்தின் வித்துக்கூடுகள். பூசணம் நூல் போன்ற இழைகளால் வளர்வது. அதன் வித்து ஈரத்தில் முளைத்து, இலைத் தோலையே துளைத்து உள்ளே செல்லும். பாக்டீரியாவைப் போல வாயில் தேடுவதில்லை. பல பூசணங்களின் வித்து காற்றில் மிதந்து வரும். திருகல் நோயின் வித்து பசையில் ஒட்டியிருப்பதால், மழைத்துளி தெறித்தே பரவுகிறது. வித்து முளைக்குமுன் இலைமேல் செம்பு படிந்திருந்தால் முளை கருகும். பின்னர்த் தெளித்தால் பலன் குறைவு. அவர் கண்ட "ஓரளவு" இதுதான்.

ஆனால் இரண்டு பாத்திகளில் தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளித்துக் காய்ந்ததாகவும், இழுத்தால் எளிதில் வந்ததாகவும் கூறினார். மறுநாள் போய்ப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் அழுகி, காயின் அடியில் வெண்பூசணம் படர்ந்திருந்தது. இது மண்ணில் வாழும் வேறு பூசணத்தால் வரும் அடியழுகல். தடித்த தோலுடைய வித்துகளாகப் பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். இலையில் எது தெளித்தாலும் அதனிடம் சேராது. பாசன நீரும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும், விதைக் காயும் அதைப் பரப்பும். அப்பாத்திகளின் காயையும் அவர் விதைக்கென்று பட்டறையில் சேர்த்திருந்தார்! அதைப் பிரித்தெடுக்கச் செய்தோம். மற்ற பாத்திகளில் அடுத்த நடவுக்குமுன் ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து இட ஒப்புக்கொண்டார். அழுகல் கண்ட இரு பாத்திகளிலும் வெங்காயத்தை நிறுத்தி, இப்போது மக்காச்சோளம் விதைத்திருக்கிறார்.