வாடகை வீடும் முடங்கும் முதலும்

வெளியூரிலிருந்து கொழும்புக்கு வந்து கடை நடத்தும் நமது வியாபாரிகள், குடும்பத்தையும் அழைத்து வருவதென்று முடிவெடுத்தால் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்பதைத்தான். துணி ரோல் ஒன்றை வாங்கும்போது அடக்க விலை, லொறிக் கூலி, கடன் தவணை எல்லாம் பார்க்கும் அதே ஆள், வீடு என்று வந்தால் ஒரேயொரு இலக்கத்தை மட்டும் பார்க்கிறார். வீட்டுக்கும் அடக்க விலை உண்டு.

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் என் மருமகன் (சகோதரியின் மகன்) அண்மையில் மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நாங்கள் இருவரும் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து, வீட்டுக்கு ஒரு பத்தியாகக் கோடு போட்டோம். வாடகை, முற்பணம், போக்குவரத்து, வசதி, வீட்டுக்காரர் என்று ஐந்து வரிசைகள். கணக்கு இலகுவாக விளங்குவதற்காகத் தொகைகளை முழுத் தொகைகளாகவே இங்கு தருகிறேன்.

தெஹிவளை வீட்டுக்கு வாடகை 70,000 ரூபா. முற்பணம் 12 இலட்சம். இரண்டு வருடம் கழித்துப் போகும்போது முழுவதும் திரும்பக் கிடைக்கும். தெமட்டகொடை வீட்டுக்கு வாடகை 85,000. ஆறு மாத முற்பணம், அதாவது 5 இலட்சத்து 10 ஆயிரம். அது மாதாமாதம் பாதி வாடகையாகக் கழிந்து ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பிறகு இரண்டாம் வருடத்துக்கு மீண்டும் அதே அளவு கொடுக்க வேண்டும். மாபோலை வீட்டுக்கு வாடகை 60,000. முற்பணம் 3 இலட்சத்து 60 ஆயிரம், அதுவும் திரும்பக் கிடைக்கும்.

மருமகனின் மனம் மாபோலையில் இருந்தது. அடுத்தது தெஹிவளை. "12 இலட்சம் திரும்பி வரும் காசுதானே மாமா, அது செலவில்லையே" என்றார்.

இங்கேதான் கணக்கு பிழைக்கிறது. அந்த 12 இலட்சம் கடையில் சரக்காக நின்றால் என்ன தரும் என்று அவரையே கேட்டேன். போன வருடக் கணக்கைப் பார்த்தோம். கடை வாடகை, சம்பளம், விற்காமல் தேங்கிய சரக்கு எல்லாம் கழித்து, ஓர் இலட்சம் ரூபா முதலுக்கு மாதம் சுமார் 1,500 ரூபா நின்றிருக்கிறது. மொத்த இலாபத்தை அல்ல, எல்லாம் கழிந்த தேறிய இலாபத்தையே இதற்கு எடுக்க வேண்டும். இது வட்டிக் கணக்கும் அல்ல. சொந்த முதல் வியாபாரத்தில் உழைக்காமல் போவதால் ஏற்படும் இழப்பு. முதலை வியாபாரத்தில் போடாமல் சும்மா வைத்திருப்பவருக்கு இந்த வரி பொருந்தாது.

அந்தக் கணக்கில் தெஹிவளை முற்பணம் மாதம் 18,000 ரூபாவைத் தின்கிறது. தெமட்டகொடையில் முற்பணம் கழிந்துகொண்டே வருவதால் சராசரியாகப் பாதித் தொகைதான் முடங்குகிறது. அது சுமார் 3,800. மாபோலைக்கு 5,400. இப்போது தெஹிவளை வீடு 88,000, தெமட்டகொடை வீடு 88,800. வாடகையில் 15,000 ரூபா வித்தியாசம் என்று நினைத்த இரண்டு வீடுகளும் ஒரே விலைக்கு வந்து நின்றன.

திரும்பி வரும் காசுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. அதற்கு முன் முற்பணம் கொடுத்தவர்களுக்குப் பிறகு அதே தொகைதான் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதைக்கொண்டு வாங்கக்கூடிய இறக்குமதித் துணியின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடுத்தது போக்குவரத்து. பிள்ளைகள் இருவருக்கும் மருதானைப் பக்கம் பாடசாலை. மாபோலையிலிருந்து பள்ளி வேனுக்கு 24,000, கடைக்கு அவருடைய போக்குவரத்துக்கு 9,000. தெஹிவளையிலிருந்து வேனுக்கு 16,000, அவருக்கு 7,000. தெமட்டகொடையிலிருந்து பிள்ளைகள் நடந்தே போகலாம். மோட்டார் சைக்கிளுக்கு 5,000 போதும். எல்லாவற்றையும் கூட்டினால் தெஹிவளை 111,000, மாபோலை 98,400, தெமட்டகொடை 93,800. வாடகை ஆகக் கூடிய வீடு ஆகக் குறைந்த செலவுள்ள வீடாக மாறியது.

வசதி வரிசையில் லிஃப்ட், வாகனம் நிறுத்த இடம் என்று எழுதுவது வழக்கம். நான் முதலில் பார்ப்பது மின்சார மீற்றரை. மாபோலையில் கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே மீற்றர். பில்லைப் பாதி பாதி கட்டலாம் என்றார்கள். நமது நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். இரண்டு குடும்பத்தின் பாவனை ஒரே மீற்றரில் சேர்ந்தால் இருவரும் மேல் படிக்குப் போய்விடுவார்கள். சிக்கனமாக இருப்பவர் அடுத்தவரின் ஏசிக்கும் சேர்த்துக் கட்டுவார். தண்ணீர் பில்லும் அப்படித்தான். இதை ரூபாவாக மதிப்பிட முடியாததால் சிவப்பு மையால் ஒரு புள்ளடி போட்டோம்.

வீட்டுக்காரரின் குணத்தை எப்படி எழுதுவது என்று மருமகன் கேட்டார். சிரித்துப் பேசுகிறாரா, தேநீர் தந்தாரா என்பதெல்லாம் ஒரு கணக்கல்ல. இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை அப்படியே எழுதச் சொன்னேன். "நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பந்தம் எழுதுவீர்களா? போகும்போது முற்பணத்தை எந்த நாளில் தருவீர்கள்?"

முதலாவது கேள்விக்குக் காரணம் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளில் இரண்டு வருடம் என்று எழுதிக்கொண்டால், அந்த இரண்டு வருடத்தைச் சட்டத்தின் முன் நிலைநாட்டுவது கஷ்டம். தெஹிவளை வீட்டுக்காரர் "நாமெல்லாம் ஒரே சமூகம், எழுத்தெல்லாம் எதற்கு?" என்றார். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் ஒரே சமூகத்தவருக்குத்தான் இறங்கியது. திருப்பித் தர வேண்டிய முற்பணமும் ஒரு கடனே. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில், "அடுத்த ஆள் வந்ததும் தருவேன்." அப்படியென்றால் முன்னவரின் காசு ஏற்கெனவே செலவாகிவிட்டது, இவருடைய காசும் அப்படியே போகும்.

இந்தத் தாள் பேரம் பேசவும் உதவும். ஓர் இலட்சம் முற்பணத்தின் விலை மாதம் 1,500 என்று தெரிந்த பிறகு, "முற்பணத்தில் 6 இலட்சம் குறையுங்கள், வாடகையில் 5,000 கூட்டித் தருகிறேன்" என்று தெஹிவளைக்காரரிடம் கேட்கலாம். அவருக்கு மாத வருமானம் கூடும், மருமகனுக்கு 4,000 மிச்சம். கேட்டுப் பார்த்தார். அவரோ மறுபக்கம் போய், "20 இலட்சம் தந்தால் வாடகையைப் பாதியாக்குகிறேன்" என்றார். கடன் கொடுத்ததற்காக வாடகையில் சலுகை பெறுவது ரிபாவில் கொண்டுபோய் விடும் என்பது உலமாக்களின் எச்சரிக்கை. ஒற்றிக்கு வீடு எடுப்பவர்களும் இதை அறிந்த ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மருமகன் அத்துடன் அந்தப் பத்தியில் குறுக்குக் கோடு போட்டார். இவ்வளவுக்கும் தரகருக்கு ஒரு மாத வாடகை கொமிஷன் தனி.

தெமட்டகொடை வீட்டிலும் ஒரு குறை இருந்தது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி. மாபோலைக்கும் இதற்கும் இடையிலான 4,600 ரூபா உம்மாவின் படிகளுக்கு ஈடாகுமா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. உம்மாவையே அழைத்துச் சென்று ஒரு தடவை ஏறி இறங்கச் சொன்னோம். இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். அதே கட்டடத்தின் முதலாம் மாடி இரண்டு மாதத்தில் காலியாகும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு வாடகை 3,000 கூட; மற்ற நிபந்தனைகள் அதேதான். வீட்டுக்காரர் நொத்தாரிசு எழுத்துக்கும் சம்மதித்தார். மருமகன் அதையே பேசி முடித்துவிட்டு, அதுவரை குடும்பத்தை ஊரிலேயே வைத்திருக்கிறார்.