டெக் லீடுக்குப் பிறகு: மனேஜரா, ஆர்க்கிடெக்டா?

மருதானையில் பழைய திரிபோலி சந்தைக் கட்டடங்களில் டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி இருக்கிறது. தெமட்டகொடைப் பக்கம் போனால் ஓரியன் சிட்டி. இந்த இரண்டு இடங்களிலும் வேலை செய்யும் மென்பொருள் பொறியியலாளர்களுக்கு ஏழெட்டு வருட அனுபவம் சேரும்போது ஒரே கேள்வி வந்து நிற்கிறது. சீனியர், அசோசியேட் டெக் லீட், டெக் லீட் என்று ஒரே ஏணியில் ஏறிவந்தவர்கள் அதற்கு மேல் இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒன்று ஆட்களைப் பொறுப்பேற்கும் என்ஜினியரிங் மனேஜர் வழி. மற்றது ஆட்கள் இல்லாமல் தொழில்நுட்பத் தீர்மானங்களைப் பொறுப்பேற்கும் ஆர்க்கிடெக்ட் அல்லது பிரின்சிபல் என்ஜினியர் வழி, அதாவது நிபுணர் வழி.

பெரும்பாலும் இந்தக் கேள்வி அவசரமாகத்தான் வரும். இருந்த மனேஜர் அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ புறப்பட்டிருப்பார். “அடுத்த திங்களுக்குள்ள சொல்லுங்கோ” என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலில், இரண்டாவது ஏணி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்

இரட்டை ஏணி புதிய யோசனை இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1962இலேயே ‘ஃபெலோ’ என்ற பதவியை ஏற்படுத்தியது. மிகச் சிறந்த பொறியியலாளர்கள் நிர்வாகத்துக்குப் போகாமலே உச்சத்துக்கு ஏறுவதற்கான வழி அது. நம் அரச சேவையில் பொறியியலாளர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. இலங்கைப் பொறியியல் சேவையில் தரம் மூன்றில் சேர்ந்து விசேட தரம்வரை போகும் பாதை ஒன்றுதான், மேலே போகப் போக நிர்வாகமே கூடும். அந்தப் பாதையைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்தான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் “இன்னும் மனேசராகேல்லையோ?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் அந்தக் கேள்வி நியாயமானதே.

தனியார் கம்பனிகளில் இரண்டாவது ஏணி கடதாசியில் பெரும்பாலும் இருக்கும். நடைமுறையில் இருக்கிறதா என்பதை மூன்று விஷயங்களால் கண்டுபிடிக்கலாம்.

எச்.ஆர். பிரிவிடம் பதவிப் படிகளும் சம்பள வரம்புகளும் உள்ள ஆவணத்தைக் கேளுங்கள். மனேஜருக்குச் சமமான தொழில்நுட்பப் பதவி எது, இரண்டுக்கும் ஒரே வரம்பா என்று பாருங்கள். ஆவணம் தர மறுத்தால் அதுவே பாதிப் பதில்.

அடுத்து, அந்தப் பதவியில் கொழும்பு அலுவலகத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெயரளவில் ஆர்க்கிடெக்டாக இருந்துகொண்டு ஐந்து பேருக்கு அப்ரைசல் எழுதுபவரைச் சேர்க்காதீர்கள். கடைசியாக ஒருவர் அந்தப் பதவிக்கு உள்ளிருந்தே உயர்த்தப்பட்டது எப்போது என்றும் விசாரியுங்கள். மனேஜர்கள் பத்துப் பேரும் உண்மையான ஆர்க்கிடெக்ட் ஒருவரும் என்றால், அந்த ஒருவர் விலகும்வரை உங்களுக்கு இடம் கிடைப்பது கடினம்.

மூன்றாவதுதான் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம்: தீர்மானங்கள் எங்கே எடுக்கப்படுகின்றன? கொழும்பில் பல அலுவலகங்கள் வெளிநாட்டுத் தலைமையகத்துக்காக இயங்குபவை. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் ப்ரொடக்டில் நடந்த பெரிய மாற்றங்கள் மூன்றை எடுத்து, அவற்றின் டிசைன் ஆவணத்தை யார் எழுதினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று பாருங்கள். மூன்றும் லண்டனில் முடிவாகி இங்கே கட்டப்பட மட்டும் வந்திருந்தால், இங்கே நிபுணர் பதவி இருந்தாலும் செய்ய நிபுணர் வேலை இல்லை. நீங்கள் ஆர்க்கிடெக்ட் ஆனாலும் மற்றவர் வரைந்ததை விளக்கிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றாவது இங்கிருந்து எழுதப்பட்டு அங்கே ஏற்கப்பட்டிருந்தால் கதவு திறந்திருக்கிறது.

வேலையைப் பாருங்கள், பதவியின் பெயரை விடுங்கள்

உங்கள் மனேஜரின் கலண்டரையும் ஆர்க்கிடெக்ட் ஒருவரின் கலண்டரையும் அனுமதி கேட்டு, கடந்துபோன நான்கு வாரங்களுக்குப் பாருங்கள். அதில் ஒரு வாரமாவது அப்ரைசல் காலத்தோடு சேர்ந்திருந்தால் நல்லது.

மனேஜரின் வாரத்தில் ஆறேழு பேரோடு தனித்தனிச் சந்திப்பு, நேர்முகத் தேர்வுகள், யாரோ ஒருவரின் இராஜினாமா, வாடிக்கையாளரோடு கால அட்டவணைப் பேச்சு இருக்கும். கொழும்பில் இராஜினாமாவும் ஆட்சேர்ப்பும் இடைக்கிடை வரும் வேலை இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆட்கள் வெளிநாடு போவது அதிகமானதால், வெற்றிடத்தை நிரப்புவதே மனேஜரின் அன்றாடமாகிவிட்டது. ஆர்க்கிடெக்டின் வாரம் வேறு மாதிரி. தொடர்ச்சியான எழுத்து வேலை, மற்ற டீம்களின் டிசைனைப் படித்துக் கருத்துச் சொல்வது, தன் அதிகாரத்துக்குக் கீழ் இல்லாதவர்களைச் சம்மதிக்க வைப்பது. பலர் நினைப்பது போல் நாள் முழுக்கக் கோட் எழுதுவதும் இல்லை. கோட் எழுதுவது மட்டுமே மகிழ்ச்சி என்றால் இரண்டு வழியுமே உங்களை ஏமாற்றும், டெக் லீடாகவே இன்னும் சில வருடங்கள் இருப்பது நல்லது.

தமிழ்ப் பொறியியலாளர்கள் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். டிசைன் ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்படும். ஆனால் தாயார் ஆஸ்பத்திரியில் இருப்பதால் வேலையில் பின்தங்கிய ஒரு பிள்ளையோடு பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். கன்டீனில் பேசப் போதுமான சிங்களம் அந்தப் பேச்சுக்குப் போதாது. இது தடை இல்லை, பயிற்சி தேவைப்படும் திறமை. மனேஜர் வழியைத் தெரிவுசெய்தால் அதற்கான நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். நேற்றுவரை உங்களை ‘அய்யே’ என்று கூப்பிட்டவருக்கு நாளை நீங்கள் அப்ரைசல் புள்ளி போட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

பணத்தைக் கையில் வரும் தொகையாகக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணம். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் டெக் லீட் ஒருவரின் மாதச் சம்பளம் 450,000 ரூபா என்று வைப்போம். மனேஜராகப் போனால் 520,000, நிபுணர் வழியில் போனால் 490,000. வித்தியாசம் 30,000. வீட்டில் எல்லோரும் பேசப்போவது இந்த எண்ணைப் பற்றித்தான்.

2025 ஏப்ரல் முதல் உள்ள வருமான வரி விகிதங்களின்படி மாதம் சுமார் 358,000 ரூபாவைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் 36 சதவீதம் வரி. ஆகவே 30,000இல் 10,800 வரியாகப் போகும். முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், அதாவது 2,400. கையில் வருவது 16,800. அதோடு கம்பனி சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும், மொத்தம் 4,500, உங்கள் பெயரில் போடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மனேஜருக்கான கூடுதல் தொகை பயணச் செலவு, எரிபொருள் போன்ற கொடுப்பனவாக வந்தால், அந்த 4,500 வராமல் போகலாம். ஐந்து வருடச் சேவைக்குப் பிறகு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று வரும் பணிக்கொடையிலும் அது சேராமல் போகலாம். உயர்வில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்பதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு அந்த 16,800ஐ, வாரத்தில் இரண்டு இரவுகள் ஒன்பதரைக்கு வரும் லண்டன் கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கு மணி என்பது இங்கே இரவு ஒன்பதரை. என் கணிப்பில் இந்தத் தொகைக்காக மட்டும் வழியை மாற்றுவது சரியில்லை.

மூன்று மாதம் பதில் மனேஜராக இருந்து பாருங்கள்

உடனே ஒப்புக்கொள்ளாமல் மூன்று மாதம் பதில் கடமை கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு அப்ரைசல் சுற்றும், ஒரு ஆட்சேர்ப்பும், நன்றாக வேலை செய்யாத ஒருவரோடு ஒரு நேரடிப் பேச்சும் வர வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் முடிந்த மூன்று மாதம் எதையும் சொல்லாது.

இந்தக் காலத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, பகலில் மனேஜராகவும் இரவில் டெக் லீடாகவும் இருப்பது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மற்றவர்கள் உங்கள் கோடுக்காகக் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காத்திருந்தால் பழைய வேலையை நீங்கள் இன்னும் விடவில்லை. ரிலீஸைத் தடுக்கக்கூடிய எந்த வேலையையும் உங்கள் பெயரில் வைக்காதீர்கள். சிறிய பிழைதிருத்தங்களும் மற்றவரின் கோடைப் படிப்பதும் போதும்.

சோதனை முடிந்ததும் கேட்க வேண்டியது: டீமில் ஒருவர் முன்பு செய்ய முடியாததை இப்போது செய்கிறார் என்பது உங்களுக்கு முழுநாள் வேலைக்கு ஈடான திருப்தியைத் தந்ததா? “இன்று நான் ஒன்றும் செய்யவில்லை” என்ற உணர்வு மூன்றாம் மாதமும் குறையவில்லை என்றால் நிபுணர் வழியைத் தெரிவுசெய்யுங்கள்.

திரும்பி வருவதை வெட்கமாக நினைக்க வேண்டாம். இரண்டு வழிகளுக்கும் இடையில் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிப் போவதை அமெரிக்கப் பொறியியலாளர் சாரிட்டி மேஜர்ஸ் 2017இலேயே ஆதரித்து எழுதினார். 2023இல் மெட்டா நிறுவனம் நிர்வாக அடுக்குகளைக் குறைத்தபோது பல மனேஜர்களை மீண்டும் தனி வேலைக்குப் போகச் சொன்னது. கைத்திறன் மங்காமல் இருந்தவர்களுக்கே அது எளிது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால்

அவுஸ்திரேலியாவுக்கான திறன் மதிப்பீட்டில் உங்கள் பதவியின் பெயரைவிட, கம்பனி எழுதித் தரும் கடிதத்திலுள்ள கடமைகளையே பார்ப்பார்கள். மென்பொருள் பொறியியலாளர் என்ற பிரிவில், அதாவது 261313 என்ற குறியீட்டில், விண்ணப்பிக்க நினைப்பவர் மனேஜராக இருந்த வருடங்களில் ஆட்சேர்ப்பும் அப்ரைசலும் மட்டுமே செய்திருந்தால், அந்த அனுபவம் அந்தப் பிரிவில் கணக்கில் வராமல் போகும் ஆபத்து உண்டு. ஆகவே பதவி மாறும் நாளுக்கு முன்பே, அதுவரை செய்த தொழில்நுட்பக் கடமைகளுக்கான கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள். இப்போதைய மனேஜரே புறப்படுகிறார் என்றால், அவர் போவதற்கு முன் வாங்குங்கள்.

பதில் எழுதும்போது

“சரி” என்று மட்டும் எழுதாதீர்கள். மனேஜர் வழியென்றால் இப்படி எழுதலாம்: “மூன்று மாதம் பதில் மனேஜராகப் பொறுப்பேற்கிறேன். அது முடிந்ததும் இரு தரப்பும் பேசி முடிவெடுப்போம். நான் தொழில்நுட்ப வழிக்குத் திரும்பினால் இதே தரமும் இதே அடிப்படைச் சம்பளமும் தொடரும் என்று உறுதிப்படுத்தித் தரவும்.” நிபுணர் வழியென்றால் கேட்க வேண்டியது வேறு: அடுத்த ஆறு மாதத்தில் ஒரு டீமுக்கு மேல் பாதிக்கும் எந்தப் பிரச்சினைக்கு நீங்கள் பொறுப்பு, அதன் டிசைன் ஆவணத்துக்குத் தலைமையகத்தில் யார் ஒப்புதல் கொடுப்பார், உங்கள் பதவி உயர்வுக்காக அங்கே யார் பேசுவார். இந்த மூன்றுக்கும் பெயரோடு பதில் வராவிட்டால், ஆர்க்கிடெக்ட் பதவியை ஏற்க முன் வேறு கம்பனிகளின் படிகளையும் கேட்டுப் பாருங்கள்.