பணவீக்கமும் சேமிப்பும்

பொருள்களின் விலை பொதுவாக உயர்ந்துகொண்டே போவதைப் பணவீக்கம் என்கிறோம். 1972-ல் மழை பொய்த்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியது. 1974-ல் இந்தியாவில் விலைவாசி ஒரே ஆண்டில் சுமார் 28 சதவீதம் உயர்ந்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் அவ்வாண்டுத் தொடக்கத்தில் 1,000 ரூபாயை 8 சதவீத வட்டிக்குப் போட்டதாகக் கொள்வோம். ஆண்டு முடிவில் அவர் கையில் 1,080 ரூபாய். ஆனால் முன்பு 1,000 ரூபாய்க்கு வாங்கிய அரிசி, பருப்பு, துணிக்கு இப்போது 1,280 ரூபாய் வேண்டும். 28-ல் 8 போக நட்டம் 20 சதவீதம் என்று நானும் முதலில் கழித்துவிட்டேன். அது பிழை, வகுக்க வேண்டும். 1,080-ஐ 1.28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 844 ரூபாய். பாஸ்புத்தகத்தில் 80 ரூபாய் கூடியிருக்கிறது. வாங்கும் சக்தியிலோ 156 ரூபாய் குறைந்துவிட்டது. வட்டியையும் அவர் செலவழித்திருந்தால், மிஞ்சிய முதலுக்குப் பழைய விலையில் 781 ரூபாய்ப் பொருளே கிடைக்கும்.