சிங்கப்பூர் டாலருக்கு வங்கியில் இரண்டு விலை

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், ஆலங்குடிப் பக்கங்களிலிருந்து சிங்கப்பூருக்கு உழைக்கப் போய் விடுமுறையில் ஊர் திரும்புகிறவர்கள், கைபேசியில் பார்த்த டாலர் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வங்கியில் நோட்டுகளை நீட்டிவிட்டு, கைக்கு வந்த தொகையைக் கண்டு குமாஸ்தாவோடு சச்சரவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குமாஸ்தாவின் பேரில் தோஷமில்லை.

முதலில், வேலை நாட்களில் காலையில் வங்கி வெளியிடும் அன்றைய விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்ததே ஜனங்கள் தடுமாறும் இடம். பட்டியலில் BUY என்பது வங்கி நம்மிடம் வாங்கும் விலை. SELL என்றிருப்பவற்றை நாம் பார்க்கவே வேண்டாம். வாங்கும் விலைகளிலும் TT BUY என்பது வெளிநாட்டிலிருந்து டாலராகவே வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் பணத்துக்கு உரியது. CN BUY என்பது கையில் உள்ள நோட்டுக்கு உரியது. பின்னது எப்போதும் குறைவு. கணக்கில் வரும் டாலர், வங்கி வெளிநாட்டில் வைத்திருக்கும் கணக்கில் உடனே வரவாகிவிடுகிறது. நோட்டோ, கள்ளநோட்டா என்று பரிசோதிக்கப்பட்டு, வட்டியில்லாமல் பெட்டகத்தில் முடங்கிக் கிடந்து, இன்ஷூரன்ஸோடு அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகே பிரயோஜனமாகிறது என்பதால், அந்தச் செலவையெல்லாம் வங்கி முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்கிறது.

உதாரணத்துக்கு, TT BUY 64 ரூபாய், CN BUY 62.50 என்று வைத்துக்கொள்வோம். 2,000 டாலருக்கு வித்தியாசம் 3,000 ரூபாய். டாலராக அனுப்புவதற்கு அங்கும் இங்குமாகக் கட்டணம் மொத்தம் 1,200 ரூபாய் ஆனாலும் 1,800 ரூபாய் லாபந்தான். ஆனால் கட்டணம் தொகை சிறிதானாலும் அவ்வளவாகக் குறையாது. ஆகவே 1,200ஐ 1.50ஆல் வகுத்தால் வரும் 800 டாலருக்குக் கீழே போனால், நோட்டாகக் கொண்டுவருவதே மேல். அன்றைய விலையை வைத்து இந்த வகுத்தலைப் போடாமல் யாரும் விமானம் ஏறலாகாது என்பது என் கட்சி.

இன்னொரு மயக்கம்: சிங்கப்பூரில் பணம் அனுப்பும் கடையில் கட்டினால், டாலர் அங்கேயே ரூபாயாக மாற்றப்பட்டு, ரூபாயாகத்தான் இங்கே வரவாகிறது, அதற்கு அந்தக் கடை சொல்லும் விலையே விலை. நம் வங்கியின் TT BUY அதைக் கட்டுப்படுத்தாது. ஆகையால் விலைகளை ஒப்பிடாமல், கட்டணம் போக வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் கேளுங்கள்.

நோட்டாகவே கொண்டுவருகிறவர்கள், அதன் மதிப்பு 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்டால், விமான நிலையச் சுங்கத்தில் படிவம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கிளைகளிலும் நோட்டு வாங்கமாட்டார்கள். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வதோடு, அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையின் விலையையும் CN BUYயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாட்களில் கடையே மேலாக இருக்கும். சில்லறைக் காசுகளை மட்டும் சாங்கி விமான நிலையத்திலேயே செலவழித்துவிடுங்கள். இங்கே அவற்றை வாங்குவார் அநேகமாக இல்லை.