படம் கேட்கும் கேள்விக்குக் காதால் பதில்

எனக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் கணினியில் வேலை பார்க்கிறேன். பெரிய படிவம் ஒன்றை நிரப்பி முடித்து, சமர்ப்பிக்கப் போகிற நேரத்தில் கேப்ட்சா வந்து நிற்கும்: போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்வு செய்யுங்கள். எந்தக் கட்டத்தில் என்ன படம் என்று என்விடிஏ சொல்லாது. எழுத்தில் விளக்கம் கொடுத்தால் ரோபோவும் படித்துவிடும் என்பதால், படங்களுக்கு விளக்கமே வைப்பதில்லை.

அதிகம் எதிர்ப்படுவது கூகுளின் ரீகேப்ட்சா. அதில் ஒலி வழி உண்டு. "I'm not a robot" பெட்டியில் ஸ்பேஸ் தட்டுங்கள். சில நேரம் படமே காட்டாமல் விட்டுவிடும். படம் வந்தால் B விசையைத் தட்டிப் பொத்தான்களாக நகர்ந்து "Get an audio challenge" என்பதில் என்டர். பிறகு Play பொத்தான். இரைச்சலுக்கு நடுவே சில ஆங்கிலச் சொற்கள் வரும். கேட்டதைத் தட்டச்சு செய்து "Verify" அழுத்த வேண்டும்.

இங்கே பலரும் தங்கள் காதைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறுக்கே பேசுவது நம் ஸ்கிரீன் ரீடர்தான். Play அழுத்தியதும் ஒலி ஓட ஆரம்பிக்கிறது. அதே நேரத்தில் என்விடிஏ அடுத்த பெட்டியின் பெயரைச் சொல்லி முதல் சொல்லை விழுங்கிவிடுகிறது. Play அழுத்திய கையோடு Ctrl தட்டினால் என்விடிஏ வாய்மூடும். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிறவர்கள், ஒவ்வொரு எழுத்தையும் அது உச்சரிப்பதை நிறுத்த முன்கூட்டியே "off" என்று சொல்லும்வரை என்விடிஏ விசையுடன் 2 தட்டிக்கொள்ளலாம். அப்படியும் பிடிபடாவிட்டால் அதே இடத்தில் ஒலியை எம்பி3 கோப்பாக இறக்கும் இணைப்பு இருக்கிறது. தனி பிளேயரில் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

சில நேரம் ஒலியே வராது. "Try again later" என்றும், உங்கள் கணினியோ நெட்வொர்க்கோ தானியங்கிக் கோரிக்கைகளை அனுப்புவதுபோலத் தெரிகிறது என்றும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். திரும்பத் திரும்ப முயல்வது சந்தேகத்தைக் கூட்டவே செய்யும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த ஒலியை இலவசப் பேச்சறி சேவைகளுக்குக் கொடுத்தே சுமார் 85 சதவீதம் விடை கண்டுபிடித்துக் காட்டினார்கள். ரோபோவுக்குச் சுலபமான வாசல் என்றால் காவலும் கடுமையாகத்தானே இருக்கும்! அடிபடுவது நாம். விபிஎன் இருந்தால் அணையுங்கள். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். தனிப்பட்ட விண்டோவில் திறந்திருந்தால் சாதாரண விண்டோவுக்கு வாருங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது நெட்வொர்க்கை மாற்றுவது.

இன்னொன்று: கேப்ட்சாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரீகேப்ட்சா ஒப்புதல் இரண்டு நிமிடம்தான் செல்லும். அதை முடித்துவிட்டு முகவரியை நிரப்பப் போனால், திரும்பி வருவதற்குள் காலாவதியாகியிருக்கும்.

நம்மூர் அலுவலகத் தளங்கள் பலவற்றில் இருப்பது வேறு வகை: கோணல்மாணலான ஐந்தாறு எழுத்துகள் கொண்ட ஒரே படம். ஒலிப் பொத்தான் இருந்தாலும் பெயரில்லாமல் வெறும் "graphic" என்று கிடக்கும். G விசையால் படத்துக்குப் போய் என்விடிஏ விசையுடன் R தட்டினால், விண்டோஸ் 10 முதல் உள்ள எழுத்தறி வசதி படத்தைப் படிக்க முயலும். ஸ்கிரீன் கர்ட்டன் போட்டிருந்தால் இது வேலை செய்யாது, முதலில் விலக்குங்கள். "7 + 3" மாதிரி தெளிவான படமாக இருந்தால் படித்துவிடும். எழுத்துகளின் குறுக்கே கோடு ஓடினால் பூஜ்யமும் O எழுத்தும் குழம்பும். புதுப் படம் கேட்பதே மேல்.

ஹெச்கேப்ட்சா என்றால் அதன் அணுகல்தன்மைப் பக்கத்தில் மின்னஞ்சலைப் பதிந்து குக்கி பெறும் வழி இருக்கிறது. பிரவுசர் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்தால் அது செல்லாது. கிளவுட்ஃபிளேரின் டர்ன்ஸ்டைல் புதிரே கேட்பதில்லை, அதிகபட்சம் ஒரு பெட்டியைத் தட்டச் சொல்லும். ஆனால் எதை வைப்பது என்பது தளக்காரர் கையில்.

ஒலி வழியும் எல்லோருக்கும் ஆகாது. பார்வையோடு செவித்திறனும் இல்லாத, பிரெயில் கருவியில் படிக்கும் நண்பருக்கு அந்த எம்பி3யால் என்ன பயன்? மின்னஞ்சலுக்கு வரும் ஓடிபி அவருக்கும் போதும்.

எந்த வழியும் இல்லாத தளத்தைப் பற்றிப் புகார் எழுதுங்கள். 'கேப்ட்சா வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், அலுவலகத்தில் திறந்து பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று மூடிவிடுவார்கள். பக்க முகவரி, ஸ்கிரீன் ரீடர் பெயர், 'படத்துக்கு ஒலி மாற்று இல்லை' என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது, அதையும் குறிப்பிடுங்கள்.