செம்பு பொன்னாகுமா?

மண்டைதீவிலும் அதனை அடுத்த தீவுகளிலும் கோயில் மண்டபத்துப் புராணபடனம் முடிந்து சனங்கள் கலையும் வேளையில் சித்தர்களைப் பற்றிய பேச்சு எழுமாயின், அது பெரும்பாலும் ரசவாதத்தில் வந்து நிற்பதை அவதானிக்கலாம். ஈயத்தையும் செம்பையும் பொன்னாக்கிய வித்தை மெய்யே என்று ஒரு சாரார் சாதிப்பர். அவையெல்லாம் மனத்தைத் தூய்மையாக்கும் மார்க்கத்தை மறைபொருளாய்ச் சொன்னவையே அன்றி உலோகத்தைப் பற்றியன அல்ல என்று மற்றொரு சாரார் மறுப்பர். ஈற்றில் இரு சாராரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் முடிபாக, மாசு நீங்கிய ஆன்மா கடவுளாகவே ஆகிவிடுகிறது என்ற வார்த்தையோடு சபை கலையும். இம்மூன்று அபிப்பிராயங்களும் திருத்தம் வேண்டுவன. அவற்றுள் மூன்றாவதில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு சொந்த வழக்கும் உண்டு.

நம்பிக்கை: ஈயத்தை உலையிலிட்டுப் பொன்னாக்கினார்கள்.

எந்த உலையும் ஈயத்தைப் பொன்னாக்கியதில்லை. ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோத்தன்களும் பொன்னின் கருவில் 79 புரோத்தன்களும் இருக்க, நெருப்பும் மூலிகைச் சாறும் உப்பும் அணுவின் புறத்தே நின்று வேலை செய்வனவே தவிர, அந்த மூன்று புரோத்தன்களை வெளியேற்ற வல்லன அல்ல. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் செல்லும் ஈயக் கருக்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் அணுகிக் கடக்கும்போது சில கருக்கள் மூன்று புரோத்தன்களை இழந்து பொன்னாகின்றன என்று அலிஸ் என்னும் பரிசோதனைக் குழுவினர் 2025ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2015 முதல் 2018 வரை அவ்வாறு தோன்றிய பொன் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு கிராமின் இலட்சம் கோடியில் 29 பங்கே தேறும், அதுவும் கண்ணிமைக்குமுன் சிதைந்துபோயிற்று. தாலிக்கொடி செய்ய அது காணாது.

ஆனால் தட்டாரின் பட்டறையிலே ஈயத்துக்கு மெய்யாகவே ஒரு வேலை உண்டு. இந்த நம்பிக்கையின் வேர்களில் ஒன்று அங்கேயும் இருக்கலாம். செம்பு கலந்த பொன்னைச் சுத்தி செய்ய வேண்டுமாயின், எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் அதனை ஈயத்தோடு சேர்த்து உருக்கிக் காற்றுப் படும்படி வைப்பார்கள். எவ்வளவு மாசு கலந்திருக்கிறதோ அதற்கு நான்கு மடங்கு ஈயம் சேர்க்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமே பிரமாணம் சொல்லுகிறது. காற்றுப் பட்ட ஈயம் மிருதார்சிங்கியாக மாறி, செம்பு முதலிய மாசுகளைத் தன்னோடு கரைத்துக்கொண்டு சாம்பற் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். மேற்பரப்பில் வானவில் போலச் சில வர்ணங்கள் ஓடி, ஈற்றில் சட்டென்று ஒரு பிரகாசம் தோன்றுமானால் ஈயம் முழுவதும் நீங்கிற்று என்று அறியலாம். வெள்ளி மாத்திரம் இந்த முறையால் நீங்காது. அதற்குப் பொன்னைத் தகடாகத் தட்டி, உப்பும் செங்கற்பொடியும் இடையிட்டு அடுக்கி, உருகாத பதத்தில் நெடுநேரம் புடமிட வேண்டும். ஆகவே பட்டறையில் நடப்பது ஈயம் பொன்னாவது அன்று. பொன்னின் அழுக்கைச் சுமந்துகொண்டு ஈயம் அழிந்துபோவதே. உள்ளத்தூய்மைக்கு உவமை தேடுவோர் இதனை ஏன் எடுத்தாளவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பே.

வித்தை காட்டிப் பணம் பறித்தோரின் உபாயமும் இங்கே சொல்லத் தக்கது. துளையிட்ட கோலின் நுனியிலே பொற்றூளை அடைத்து மெழுகால் மூடி, அக்கோலால் மூசையைக் கலக்கினால் மெழுகு உருகிப் பொன் இறங்கிவிடும். காண்போர் ஈயம் பொன்னாயிற்று என்று கைகூப்புவர். மூசையில் இட்ட பொருள்களையும் கலக்குகோலையும் தனித்தனியே முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தவனை அந்தப் போலிகள் ஏமாற்றியிருக்க இயலாது.

நம்பிக்கை: ரசவாதம் என்றைக்கும் உட்பொருளையே குறித்தது, உலோகப் பேச்சு வெறும் மறைப்பு.

இது கற்றோர் சபைகளில் செல்வாக்குள்ள நம்பிக்கை. இதன் இன்றைய உருவம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1850இல் மேரி ஆன் அட்வுட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பழைய ரசவாதிகள் கூறிய பாத்திரமும் பொருளும் மனிதனே என்ற கருத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இரகசியம் அம்பலமாகிவிட்டதென்று அஞ்சிய அவருடைய தந்தையாரே பிரதிகளை வாங்கிக் கொளுத்தினார். பின்னர் 1944இல் கார்ல் யுங் என்னும் சுவிற்சர்லாந்து உளவைத்தியர், ரசவாதப் படங்களும் குறியீடுகளும் மனம் தன் இருளைக் கடந்து பூரணமடையும் படிகளின் நிழல்கள் என்று விரித்தெழுதினார். மனோதத்துவமாக அது சுவையானதே; சரித்திரமாக அதனைக் கொள்ளுதல் தவறு. நியூட்டனின் ரசவாதக் குறிப்பேடுகளில் நிறையும் அளவும் நேரமும் காணப்படுகின்றன. நிறுத்துப் பார்த்தவன் உலோகத்தைத்தான் நிறுத்தான்.

நம்மவர் நிலை இன்னும் தெளிவானது. பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தில் ரசேசுவர தரிசனம் என்று ஒரு மதம் தனியே எடுத்துரைக்கப்படுகிறது. அம்மதத்தாருக்கு இரசத்தைக் கட்டிக் குளிகையாக்குவது மெய்யான கருமம். அக்குளிகையை முதலில் உலோகத்திலே சோதித்துப் பார்த்து, பின்பு உடம்பிலே பிரயோகித்து, அழியாத உடம்போடு இருந்துகொண்டே முத்தியைச் சாதிப்பது அவர்கள் நோக்கம். பொன் அவர்களுக்குக் குறியீடு அன்று, பரீட்சை. அந்தப் பரீட்சையில் இரசம் தேறவில்லை என்பதும், உலையில் எழும் இரச ஆவி நுரையீரல் வழியே ஏறி நரம்பையும் மூளையையும் கெடுக்கும் என்பதும் வேறு விஷயம். அவர்கள் உள்ளத்தையும் எண்ணினார்கள், உலோகத்தையும் உருக்கினார்கள். ஒன்றை மற்றொன்றின் வேஷமாக்குவது நம்முடைய வசதிக்காகவே.

நம்பிக்கை: செம்பு பொன்னாவதுபோல ஆன்மாவும் சிவமாகிவிடும்.

உலோகத்தை வெறும் உவமையாகக் கொண்டோர் ரசவாதிகள் அல்லர். சைவ சித்தாந்திகளே அவ்வாறு கொண்டனர். நம் நூல்களில் பேசப்படுவது ஈயம் அன்று, செம்பு. பரிசனவேதி தீண்டிய உலோகம் பொன்னாவதுபோலக் குருவின் பரிசம் பெற்றோர் மும்மலம் நீங்கிச் சிவகதி அடைவர் என்ற கருத்து திருமந்திரத்திலே உண்டு. ஆணவமலம் செம்பிற் களிம்புபோல ஆன்மாவோடு தொன்றுதொட்டே கூடியிருப்பது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைகளில் ஒன்று. பழப்புளியிட்டுத் துலக்கிய செம்புக்குடம் தீவுகளின் உப்புக்காற்றில் நாலு நாளில் மீண்டும் மங்கிப் பச்சை பூப்பதைக் கண்டவர்களுக்கு அந்த உபமானத்தை விளக்க வேண்டியதில்லை: துலக்குவது மேலே தோன்றியதைப் போக்குமே அன்றி, செம்பு செம்பாயிருக்கும் வரைக்கும் களிம்பேறும் தன்மையைப் போக்காது. விரதமும் தானமும் தீர்த்தயாத்திரையும் புளியின் வேலையைச் செய்வன. ஆணவம் நீங்குவது வேறொன்றுக்காகக் காத்திருக்கிறது.

இரசாயன நூலார் இங்கே ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும், அது நியாயமானதே. களிம்பு செம்பின் உள்ளிருந்து வருவதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவும் கரியமில வாயுவும் ஈரமும், கடற்கரையிலே உப்பும், செம்போடு கூடுவதனாலே மேற்பரப்பில் உண்டாவது. ஆகவே சகச மலத்துக்கு அது முற்றும் பொருந்திய உவமை அன்று. எனினும் உவமையை அதன் ஓர் அம்சத்துக்கே கொள்ள வேண்டும் என்பது நம் தருக்க நூலாரின் நியதி. எந்த அம்சத்துக்கு என்பதில்தான் சண்டை மூண்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியார் சுபக்கத்தின் பதினோராஞ் சூத்திரத்தில் இந்தச் சண்டையை நேராகவே எடுத்துக்கொள்கிறார். எதிர்வாதி கேட்கிறான்: இரசகுளிகையினாலே களிம்பற்ற செம்பு பொன்னாகிப் பொன்னோடு கலந்துவிடுவதுபோல, மலமற்ற சீவன் சிவனோடு ஒன்றாகிவிடும் என்றால் என்ன? கேள்வி கவர்ச்சியானது, மண்டபத்துப் பேச்சின் முடிபும் இதுவே. ஆசிரியர் உவமையைத் தள்ளிவிடவில்லை. அதிலே சிவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைத் திருத்துகிறார். சிவனைப் பொன்னின் இடத்தில் வைத்தது பிழை. அவன் குளிகையின் இடத்தில் நிற்பவன். குளிகை களிம்பைப் போக்குகிறது, ஆனால் தான் பொன்னாவதில்லை. அவ்வாறே இறைவன் மலத்தைப் போக்கி ஆன்மாவைத் தன் திருவடிக்கீழ் வைக்கிறான். படைத்தல் முதலிய தொழில்கள் அவனுக்கே உரியன, ஆன்மாவுக்கு உரியது சிவானுபவம் ஒன்றே. செம்பு தன் முயற்சியால் குளிகையைத் தேடிச் சென்றதில்லை என்பதும் இதனால் தொனிக்கிறது. தன்னைத் தானே புடமிட்டுப் பொன்னாக்கிக்கொள்ளலாம் என்று இக்காலத்து ஆன்மிகப் புத்தகங்கள் கூறுவதற்கும் இந்நூலின் கொள்கைக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

ஆனால் சித்தியாருக்கு உரை வகுத்தோர் எல்லாரும் இந்த எல்லையில் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாசர், பறங்கியர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு முறைவைத்து அதிகாரியின் உணவுக்குப் பசு கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, தம் முறை வருமுன்னே இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கினார் என்பது நம் முன்னோர் வாக்கு. கௌடதேசம் சென்று வடமொழி சாஸ்திரங்களைக் கற்று, சிதம்பரத்தில் இன்றும் தம் பெயரால் வழங்கும் குளத்தைத் தோண்டுவித்த அவர், சித்தியாருக்கும் ஓர் உரை எழுதினார். முத்தியிலே ஆன்மா சிவத்துக்குச் சமமாகும் என்பது அவ்வுரையின் நிலை. சமம் என்றால் ஒன்றாகிக் கரைவதன்று, இரண்டாய் நின்றே நிகராவது. ஆயினும் குளிகையை விட்டுப் பொன்னின் பக்கமே அது சாய்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், சிவசமவாதவுரை மறுப்பு என்று பெயரிட்டே ஒரு கண்டனம் எழுதினார். சித்தியார் சுபக்கத்துக்கு எழுந்த ஆறு உரைகளையும் சேர்த்து அச்சிட்ட பதிப்பிலே, ஊரைவிட்டுப் போன திருநெல்வேலியாரின் உரையையும் முனிவரின் பொழிப்பையும் ஒரே செய்யுளின் கீழ் வைத்துப் படிக்கலாம்.