உதிரிக் குறிப்புகளும் ஆறு தலைப்புகளும்

புத்தொழில் தொடங்க எண்ணுவோரிடம் முதலில் சேர்வன உதிரிக் குறிப்புகளே. அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதும்போது வணிகத் திட்டம் உருவாகிறது. அத்திட்டம் சிக்கல், தீர்வு, சந்தை, வணிக மாதிரி, குழு, நிதிச் சுருக்கம் என ஆறு பகுதிகளாக அமைவது வழக்கம். ஒவ்வொரு தலைப்பும் ஒரு வினாவை எழுப்புகிறது. எக்குறிப்பு எவ்வினாவிற்கு விடையாகிறதோ, அவ்வினாவிற்குரிய தலைப்பின்கீழ் அது சேரும்.

தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் 600 வீடுகள். அங்கு வாழும் அக்காளும் தம்பியும் தம் சித்தியுடன் சேர்ந்து இட்லி மாவு அரைத்து விற்க எண்ணுகின்றனர் எனக் கொள்க. அவர்களது குறிப்பேட்டில் உள்ள வரிகள் இவை:

1. தை மாதக் குளிரில் இரவு முழுதும் வைத்தாலும் மாவு பொங்குவதில்லை.
2. ஒரு கிலோ பை 80 ரூபாய்.
3. கேட்ட 60 வீடுகளில் 24 வீட்டார் 'நல்ல எண்ணம்' என்றனர். 9 வீட்டார் முன்பணம் தந்தனர்.
4. வெதுவெதுப்பான அறையில் புளிக்கவைத்துக் காலை ஏழு மணிக்குள் வீட்டு வாசலில் தருதல்.
5. சித்தி எட்டு ஆண்டுகள் சிற்றுண்டிச்சாலைச் சமையலறையை நடத்தியவர்.
6. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும்.
7. கோடையில் மாவு விரைவில் புளித்துப் பை உப்பும்.
8. அறை வாடகை 9,000. உதவியாளர் ஊதியம் 20,000. மின்சாரமும் பிறவும் 7,000.

சிக்கல். யாருக்கு, எப்போது, என்ன இடர்ப்பாடு? முதற்குறிப்பு இங்கே சேரும். மாவு நன்கு புளிக்க ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். தில்லியில் சனவரி இரவுகளில் வெப்பநிலை பல நாள்கள் 10 பாகைக்கும் கீழே இறங்குகிறது. ஆனால், இக்காரணம் குளிர்காலத்திற்கு மட்டுமே பொருந்தும். கோடையிலும் வாங்குவதற்கு மற்றொரு காரணம் தேவை. காலையில் வேலைக்குச் செல்வோர்க்கு ஊறவைத்து அரைக்க நேரமில்லை என்பதும் சிக்கலாகுமா என வீட்டாரிடம் கேட்டறிதல் வேண்டும். 'எங்கள் மாவு இங்கே கிடைப்பதில்லை' என்று எழுதினால் அது பிழை. விற்கவிருக்கும் பொருளின் பெயரைச் சொல்லாமலே சிக்கல் விளங்கவேண்டும்.

தீர்வு. அவ்விடர்ப்பாட்டை எது நீக்குகிறது? நான்காம் குறிப்பு இதற்கு விடை. ஏழாம் குறிப்பும் இங்கேயே வரவேண்டும். புளித்த மாவை உடனே குளிர்பெட்டியில் வைத்து, குளிர் குறையாமல் கொண்டுசேர்த்தால் பை உப்புவது குறையும். தீர்வின் குறையையும் அதே பகுதியில் எழுதினால்தான் அதைச் சரிசெய்யும் வழியும் அங்கே இடம்பெறும்.

சந்தை. பணம் கொடுத்து வாங்குவோர் எத்தனை பேர்? மூன்றாம் குறிப்பில் இரண்டு எண்கள் உள்ளன. 'நல்ல எண்ணம்' என்ற 24 வீட்டாரைக் கணக்கில் கொண்டால் நூற்றுக்கு 40 வீடுகள் வாங்கும் எனத் தோன்றும். சொல்லால் பாராட்டுவது எளிது. முன்பணம் தருவது அரிது. எனவே 9 என்னும் எண்ணையே கொள்ளுதல் தகும். அறுபதில் ஒன்பது, நூற்றுக்குப் பதினைந்து. 600 வீடுகளுக்கு அது 90 வீடுகளாகும். கேட்ட 60 வீடுகளும் தென்னிந்தியக் குடும்பங்களாகவே இருந்திருந்தால் இவ்விகிதத்தை முழுக் குடியிருப்புக்கும் விரித்தல் தவறு. ஆகவே யாரிடம் கேட்கப்பட்டது என்பதையும் இப்பகுதியில் எழுதவேண்டும்.

வணிக மாதிரி. ஒரு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது? இரண்டாம் குறிப்பு விலையை மட்டும் சொல்கிறது. அடக்கச் செலவு குறிப்பேட்டில் இல்லை. இவ்வாறு வெற்றிடத்தைக் காட்டிக்கொடுப்பது வகைப்படுத்துதலின் பயனாகும். அக்காளும் தம்பியும் கணக்கிட்டபோது அரிசி, உளுந்து முதலியவற்றிற்கு 35 ரூபாய், பைக்கு 5 ரூபாய், கொண்டுசேர்க்க 10 ரூபாய் என மொத்தம் 50 ரூபாய் வந்தது. 80 ரூபாயில் 50 போக ஒரு பைக்கு 30 ரூபாய் மிஞ்சும்.

குழு. எந்த வேலையை யார் செய்வார்? ஐந்தாம் குறிப்பு சித்தியின் அனுபவத்தைக் கூறுகிறது. அரவையும் பதமும் அவர் பொறுப்பு. கணக்கும் வாடிக்கையாளர் தொடர்பும் அக்காளுக்கு உரியன. வீடுதோறும் கொண்டுசேர்ப்பது தம்பியின் வேலை. ஆறாம் குறிப்பாகிய பதிவும் இங்கே ஒருவர் பெயரோடு இணையவேண்டும். பெயர் இல்லாத வேலை நடைபெறாமல் நின்றுவிடும்.

நிதிச் சுருக்கம். எவ்வளவு பணம் தேவை, எப்போது திரும்பும்? எட்டாம் குறிப்பின் தொகைகளைக் கூட்டினால் மாதச் செலவு 36,000 ரூபாய். எத்தனை பை விற்றாலும் விற்காவிட்டாலும் இச்செலவு மாறாது. சந்தைப் பகுதியிலிருந்து 90 வீடுகள் என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. வாரம் இரு பைகள் வீதம், நான்கு வாரங்களைக் கொண்ட மாதத்தில் 720 பைகள் விற்கும். வணிக மாதிரிப் பகுதியிலிருந்து 30 ரூபாயை எடுத்துப் பெருக்கினால் 21,600 ரூபாய் கிடைக்கும். மாதந்தோறும் 14,400 ரூபாய் குறைகிறது.

உதிரி வரிகளாக இருந்தபோது இக்குறை தென்படவில்லை. தலைப்புகளின்கீழ் வைத்துப் பார்த்தபின் அது தெளிவாகிறது. செலவு மட்டுக்கு வரவு வர 36,000-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும். விடை 1,200 பைகள். அதாவது 150 வீடுகள். இக்குடியிருப்பு மட்டும் போதாது. இதே விகிதம் நிலவினால் 400 வீடுகள் உள்ள இன்னொரு குடியிருப்பிலிருந்து எஞ்சிய 60 வீடுகள் கிடைக்கலாம். ஆனால், அங்கும் முன்பணம் கேட்டுப் பார்த்த பின்னரே அவ்வெண்ணை எழுதுதல் வேண்டும்.

அரவை இயந்திரத்திற்கும் குளிர்பெட்டிக்கும் 1,50,000 ரூபாய் ஆகும் எனவும், இரண்டாம் குடியிருப்பைப் பிடிக்க ஆறு மாதம் ஆகும் எனவும் கொண்டால், அதுவரையுள்ள குறை 86,400 ரூபாய். ஆகத் தேவைப்படும் பணம் 2,36,400 ரூபாய். இயந்திரத்தின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால், அவர்களால் முதல் மாதக் குறையையே ஈடுசெய்ய இயலாது.

நிதிச் சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் முந்தைய பகுதிகளில் ஏதேனும் ஒன்றிலிருந்து வந்ததாக இருத்தல் வேண்டும். எங்கிருந்து வந்தது எனக் காட்ட இயலாத எண் ஊகம் எனக் கொள்ளத்தக்கது.

சொற்பொருள்

உதிரி – ஒன்றோடொன்று சேராதது
இடர்ப்பாடு – தொல்லை
விகிதம் – வீதம்
அடக்கச் செலவு – ஒரு பொருளை உருவாக்கி விற்பதற்கு ஆகும் செலவு
ஊகம் – சான்றின்றி எண்ணுவது

பயிற்சி

1. 'அண்டை வீட்டார் அரைத்துத் தரும்படி அடிக்கடி கேட்கின்றனர்.' இக்குறிப்பு சிக்கல், சந்தை ஆகிய இரண்டனுள் எதற்கு உரியது? காரணம் கூறுக.
2. 24 என்னும் எண்ணை விடுத்து 9 என்னும் எண்ணைக் கொண்டது ஏன்?
3. ஒரு பையின் விலை 90 ரூபாய் ஆனால், செலவு மட்டுக்கு வரவு வர மாதம் எத்தனை பைகள் விற்கவேண்டும்? விலை உயர்ந்தால் எந்தப் பகுதியின் எண்ணை மீண்டும் கேட்டறிய வேண்டும்?
4. வீட்டிலுள்ளோர் ஒருவரின் தொழில் எண்ணத்தைக் கேட்டு எட்டு வரிகளில் குறித்துக்கொள்க. அவற்றை ஆறு தலைப்புகளில் பிரித்து, வெற்றிடமாக நிற்கும் தலைப்பைச் சுட்டுக.